கலைச்சொல்: பென் டிரைவ் வழியாகக் கன்சோலை இற்றைப்படுத்துவதற்கு என்ன பெயர்?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். பிளேஸ்டேஷன் 4-க்குத் தமிழில் ஓர் உதவிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டு இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறவர்கள் வேறு இடத்தில் கோப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து கன்சோலின் சிஸ்டம் சாஃப்ட்வேரைப் புதுப்பிப்பதைப் பற்றிய பகுதியில் நிற்கிறேன். பேச்சில் இதை 'ஆஃப்லைன் அப்டேட்' என்கிறோம். 'இணைப்பில்லா இற்றைப்படுத்தல்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் தம்பி, "நெட்டே இல்லாம அதுவா அப்டேட் ஆயிடுமா?" என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

இன்னொன்று: சிஸ்டம் என்று வந்தாலே 'கணினி' என்று போட்டுவிடுகிறோம். இங்கே மேசையில் கணினி ஒரு பக்கம், கன்சோல் ஒரு பக்கம் இருக்கிறது. 'கணினி மென்பொருள்' என்று எழுதினால், இறக்கிய கோப்பைக் கணினியிலேயே திறக்கப் பார்ப்பார்கள். வேறு சொல் சொல்லுங்கள்.

முத்துக்குமார்:

'விரலிவழி இற்றை' என்று வைக்கலாமே. பென் டிரைவுக்கு 'விரலி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, சின்னச் சொல். வேலையும் எளிது: விரலியை NTFS-இல் ஃபார்மேட் செய்து, கோப்பைப் போட்டுச் செருகினால் எந்தக் கன்சோலும் எடுத்துக்கொள்ளும். என் எக்ஸ்பாக்ஸில் அப்படித்தான் செய்கிறேன்.

சிவநேசன் (யாழ்ப்பாணம்):

முத்துக்குமார் தம்பி, நீங்கள் சொல்வது எக்ஸ்பாக்ஸுக்குச் சரி. அது NTFS-தான் கேட்கும். பிளேஸ்டேஷனில் நேர்மாறு: FAT32 அல்லது exFAT ஆக இருக்க வேண்டும். NTFS விரலியைச் செருகினால் உள்ளே கோப்பு இருந்தும் இல்லை என்று சொல்லும். கையேட்டில் இந்த ஒரு வரி விட்டுப்போனால் வாசிப்பவர் பாதி நாளைத் தொலைப்பார்.

கோப்பை வெறுமனே போட்டாலும் போதாது. கோப்புறைகளின் பெயர் பெரிய எழுத்தில் இப்படியே இருக்க வேண்டும்:

```
PS4/UPDATE/PS4UPDATE.PUP
```

அதிகம் பேர் சறுக்குவது பெயரில்தான். ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் உலாவி `PS4UPDATE (1).PUP` என்று வைத்துவிடும். அதைத் திருத்தப் போகும்போது விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும். நாம் `.PUP` என்று தட்ட, உண்மையில் `PS4UPDATE.PUP.PUP` ஆகிவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், கன்சோல் மட்டும் கோப்பு இல்லை என்னும். முதலில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, இங்கே சிஸ்டத்துக்கு 'முறைமை' என்றே எழுதுகிறோம். 'முறைமை மென்பொருள்' என்றால் கணினியோடு குழப்பம் வராது.

கயல்விழி:

நன்றி ஐயா. 'முறைமை' இங்கே பழக்கமில்லை, ஆனாலும் கணினியைவிட மேல். சேஃப் மோடுக்குள் போகும் படியையும் எழுத வேண்டும் இல்லையா?

சிவநேசன்:

கன்சோல் ஒழுங்காகத் திறக்கிறது என்றால் அது தேவையே இல்லை, மகள். விரலியைச் செருகிவிட்டு அமைப்புகளில் System Software Update-க்குப் போனால் யுஎஸ்பியிலிருந்து புதுப்பிக்கும் தெரிவு அங்கேயே வரும். திறக்காதபோதுதான் சேஃப் மோடு. கன்சோலை முழுவதும் அணைத்து, பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தியதும் ஒரு பீப், ஏழு விநாடி கழித்து இன்னொன்று; இரண்டாவது கேட்டதும் விட வேண்டும். கட்டுப்படுத்தியைக் கம்பியால் இணைக்காவிட்டால் அந்தத் திரையில் எதுவும் நகராது. பிறகு மூன்றாவது தெரிவு, Update System Software.

ஜெயந்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுடைய விளையாட்டு ஒன்று நாற்பது ஜிபி அப்டேட் கேட்கிறது. எங்கள் ஊரில் மழை தூறினாலே நெட் போய்விடும். அதையும் இப்படிப் பென் டிரைவில் கொண்டுவந்துவிடலாமா?

சிவநேசன்:

முடியாது அம்மா. இந்த வழியில் வருவது முறைமை மென்பொருள் மட்டும்தான். விளையாட்டுக்கான இற்றையைத் தனிக் கோப்பாக இறக்கக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. குறைந்தது 250 ஜிபி உள்ள யுஎஸ்பி 3.0 வன்தட்டு ஒன்றை, நல்ல இணைப்பு உள்ள உறவினர் வீட்டுப் பிளேஸ்டேஷனில் 'எக்ஸ்டெண்டெட் ஸ்டோரேஜ்' ஆக அமைத்து, உங்கள் மகனின் கணக்கில் நுழைந்து விளையாட்டை அங்கேயே இறக்கி இற்றைப்படுத்திக் கொண்டுவரலாம். அப்படி அமைக்கும்போது தட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாணப் படங்கள் இருக்கிற தட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

முத்துக்குமார்:

NTFS விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'விரலிவழி'யில் என்ன குறை?

அன்பரசு:

நான் கன்சோல் பழுதுபார்க்கிறவன், சொல்லாய்வெல்லாம் தெரியாது. என் மேசைக்கு வரும் சிக்கலைச் சொல்கிறேன். பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று அப்டேட்டுக்கு, இன்னொன்று ரீஇன்ஸ்டாலுக்கு. இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான், `PS4UPDATE.PUP`. அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்: அப்டேட் சுமார் அரை ஜிபி, ரீஇன்ஸ்டால் ஒரு ஜிபி அளவு.

போன மாதம் ஒருவர் ஹார்ட் டிஸ்க் மாற்றிவிட்டு, சின்னக் கோப்போடு வந்தார். புது டிஸ்கில் ஒன்றுமே இல்லை, எதை அப்டேட் செய்வது? திரையில் SU-41333-4 என்று வந்து, ரீஇன்ஸ்டால் கோப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பென் டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு புதிதாக வாங்கியிருந்தார்.

இதற்கு மறுபக்கம் இன்னும் மோசம். சும்மா அப்டேட் செய்ய வந்தவர் அவசரத்தில் ஏழாவது தெரிவை, அதாவது Initialize PS4 (Reinstall System Software) என்பதை அழுத்திவிடுவார். சேமித்த விளையாட்டு எல்லாம் போயே போச்சு. இரண்டும் விரலி வழியாகத்தானே நடக்கிறது? அப்போது 'விரலிவழி' எதைக் குறிக்கும்?

கயல்விழி:

இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் எது வழியாக வருகிறது என்பதைவிட, உள்ளே இருப்பதை அப்படியே விடுகிறதா, அழிக்கிறதா என்பதைச் சொல் காட்ட வேண்டும். முதலாவது 'கோப்புவழி இற்றைப்படுத்தல்', இரண்டாவது 'துடைத்து நிறுவல்' என்று வைத்தால்?

முத்துக்குமார்:

'துடைத்து நிறுவல்' கொச்சையாக இருக்கிறது. 'மீள்நிறுவல்' என்று அழகான சொல் இருக்கிறதே.

அன்பரசு:

மீள்நிறுவல் என்றால் பழையது திரும்ப வரும் என்று நினைப்பார்கள் தம்பி. துடைத்து என்று போட்டால் கை ஒரு நொடி தயங்கும். எனக்கு அது போதும்.

சிவநேசன்:

'கோப்புவழி' எனக்குச் சம்மதம். எக்ஸ்பாக்ஸ் பகுதி எழுதும்போது மட்டும் கவனம்: அங்கே திரையிலேயே Offline System Update என்று பெயர் இருக்கிறது. விரலியில் போக வேண்டியதும் ஒற்றைக் கோப்பு இல்லை, சுருக்கிய கோப்பை விரித்ததும் கிடைக்கும் `$SystemUpdate` என்ற கோப்புறை முழுவதும். அங்கே 'கோப்புவழி' பொருந்துமா என்று யோசியுங்கள்.

'துடைத்து நிறுவல்' பற்றி: ஆறாவது தெரிவும் துடைக்கிறது, ஆனால் முறைமை மென்பொருளைப் புதிதாக நிறுவுவதில்லை. அதற்கு என்ன பெயர்?

கயல்விழி:

ஆறாவதற்கு 'முழுத் துடைப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன், பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். எக்ஸ்பாக்ஸைத் தனிப் பதிவாகப் பிரித்துவிடுகிறேன். கன்சோலின் திரை தமிழில் வராது என்பதால், தெரிவுகளின் ஆங்கிலப் பெயரும் எண்ணும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இருக்கும்.

ஜெயந்தி:

உறவினர் வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் 5. எங்களுடையது 4. அந்தத் தட்டு இங்கே ஓடுமா?