எங்கள் கபடிக் கழகத்தின் ஏழாவது விதியைத் திருத்தின கதை

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பதிவு பெற்ற கபடிக் கழகம், உறுப்பினர் 61 பேர், நிர்வாகக் குழுவில் 9 பேர். இரண்டு வருஷம் முன்னால் பொங்கல் போட்டியில் எங்கள் ரைடர் ஒருத்தர் அடுத்த ஊர் பனியனைப் போட்டு ஆடிவிட்டார். அதே வாரம் வாட்ஸ்அப் குழுவில் போட்டி வரவுசெலவையும் கேட்டார். இரண்டில் எது எங்களுக்கு அதிகம் சுட்டது என்று இப்போது சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் ராத்திரி குழுவிலிருந்து அவரை எடுத்துவிட்டு, மினிட் புத்தகத்தில் ‘நீக்கப்பட்டார்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினோம். எழுதிய கை என்னுடையது. அப்போது நான் இணைச் செயலாளர்.

மாசி பிறப்பதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்றைக்குத்தான் ஏழாவது விதியை முதல்முறையாக முழுசாகப் படித்தோம்:

“உறுப்பினர் எவரேனும் சந்தா செலுத்தத் தவறினாலோ, சங்க நலனுக்கு எதிராக நடந்துகொண்டாலோ உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கப்படலாம், இதில் செயலாளரின் முடிவே இறுதியானது.”

‘நீக்கப்படலாம்’ என்றால் யாரால்? செயலாளரா, குழுவா, பொதுக்குழுவா? செயப்பாட்டு வினை செய்தவனை ஒளித்துவைத்துக்கொள்கிறது. சந்தா கட்ட மறந்தவனும் சங்கத்துக்குத் துரோகம் செய்தவனும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். புகார் கொடுப்பவர் செயலாளர், முடிவு சொல்பவரும் செயலாளர். எங்களவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நோட்டீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. தீர்மானத்தை ரத்து செய்து அவரைத் திரும்பச் சேர்த்தோம். அப்புறம் விதியைக் கையில் எடுத்தோம்.

முதலில் வாக்கியத்தை உடைத்தோம். சேர்வது, தானாக விலகுவது, சந்தா பாக்கியால் பெயர் விடுபடுவது, ஒழுங்கு நடவடிக்கையால் நீக்குவது என்று நான்கு பத்தி. கடைசிப் பத்திதான் மூன்று மாதம் எடுத்தது. இப்போது அது இப்படி இருக்கிறது:

“ஓர் உறுப்பினரை நீக்க வேண்டும் என்று புகார் வந்தால், செயலாளர் அவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். என்ன செய்தார், எந்த நாளில், எந்த விதிக்கு எதிராக என்று அதில் இருக்க வேண்டும். கடிதம் அவர் கைக்குக் கிடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தரலாம், நேரில் பேசவும் கேட்கலாம். கேட்டால் குழு அவரைக் கூப்பிட வேண்டும். புகார் கொடுத்தவரும், இருதரப்புக்கும் நெருங்கிய உறவினரும் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போடக் கூடாது. மீதிப் பேரில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால்தான் நீக்கம். முடிவையும் காரணத்தையும் 7 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அது கிடைத்த 30 நாளுக்குள் அவர் பொதுக்குழுவிடம் முறையிடலாம்.”

‘வேண்டும்’, ‘லாம்’ இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ‘செயலாளர் கடிதம் அனுப்பலாம்’ என்று ஒரு வரைவில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த செயலாளர் அனுப்பாமலே இருந்திருப்பார்.

19 வயசுப் பையன் ஒருத்தனிடம் வரைவைக் கொடுத்து, “உனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தா எந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லணும்?” என்று கேட்டோம். அந்த வரைவில் ‘கடிதத் தேதியிலிருந்து 15 நாள்’ என்று இருந்தது. “அண்ணே, தேதி போட்டு நாலு நாள் கழிச்சுத் தபால்ல போட்டா எனக்குப் பதினொண்ணுதானே மிச்சம்?” என்றான். பெரியவர்கள் எட்டுப் பேர் படித்தும் கண்ணில் படாதது. ‘மறுநாளிலிருந்து’ என்ற சொல் வந்தது அப்படித்தான்.

உறவினர் என்பதில்தான் சிக்கிக்கொண்டோம். எங்கள் ஊரில் யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் என்று பார்க்கப் போனால் குழுவில் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டார். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தார், மைத்துனர் என்று நிறுத்தினோம். சித்தப்பா ஏன் இல்லை என்று இன்னும் ஒருத்தர் கேட்கிறார், நியாயம்தான். ஐந்து பேர் தேறாவிட்டால் பொதுக்குழு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் என்று ஒரு வரி வைத்திருக்கிறோம். அது இதுவரை தேவைப்படவில்லை.

குடந்தை முருகு:

நல்ல வேலை. ஆனா சந்தா பாக்கிக்குக்கூட கடிதம், கிடிதம்னு வச்சீங்களா? மூணு மாசம் கட்டலைன்னா பேர் தானா போயிடும்னு எழுதினா முடிஞ்சுபோச்சு. எங்க இறகுப்பந்து கிளப்ல அப்படித்தான், ஒரு சண்டையும் வந்ததில்லை. இன்னொண்ணு, விதி திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல முக்கால்வாசி ஆதரவு போதும். கை தூக்காம உட்கார்ந்திருக்கிறவனை யார் கணக்குல சேர்க்கிறாங்க?

ஓய்வு எழுத்தர், தஞ்சை:

முருகு தம்பி, இரண்டாவதில்தான் நிறையச் சங்கம் சறுக்குது. பதிவுத்துறையில் இருந்த காலத்தில் நான் பார்த்து அலுத்த விஷயம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேணும். ‘இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போறோம்’னு குறிப்பிட்டு 21 நாள் முன்னதாகவே நோட்டீஸ் போயிருக்கணும். கூட்டத்துக்கு வந்திருக்கிற, ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள்ல முக்கால் பங்குக்குக் குறையாம ஆதரவு வேணும். வந்திருக்கிறவங்கள்ல தம்பி, கை தூக்கினவங்கள்ல இல்லை. வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவரும் கணக்குக்கு எதிர் ஓட்டு மாதிரிதான். நிறைவேறினது மட்டும் போதாது, பதிவாளர் பதிவு செய்யணும். அதுவரைக்கும் பழைய விதிதான் ஓடும். புது விதியை நம்பி அதுக்கு முன்னாலேயே யாரையாவது நீக்கினா அது நிக்காது.

அப்புறம் நீதிமன்றம் எதைப் பார்க்கும்னு கேட்பாங்க. பெல்காமில் லாட்ஜ் விக்டோரியா என்ற மேசானியர் சங்கத்திலிருந்து ஒருத்தரை நீக்கி, அது உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1962-ல் தீர்ப்பு. நீக்கினது சரியா தப்பான்னு நீதிமன்றம் திரும்ப முதலிலிருந்து விசாரிக்காது. சங்கம் தன்னோட விதிப்படி நடந்துச்சா, அவர் பேச்சைக் கேட்டுச்சா, நேர்மையா நடந்துச்சான்னுதான் பார்க்கும். அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் ஜெயிக்கலை. நடைமுறை ஒழுங்கா இருந்தா சங்கத்துக்குத்தான் பலம். செயலாளர்கள் இதைப் புரிஞ்சுக்கிட்டா நோட்டீஸ் கொடுக்கப் பயப்பட மாட்டாங்க.

திருவாரூர் நெல்மணி:

எனக்கும் இதே அநியாயம்தாங்க. எங்க ஊர் கடன் சங்கத்துல பயிர்க்கடன் விவகாரத்துல என் பேரை எடுத்துட்டாங்க, நோட்டீஸே இல்லை. குறுவைக்கு உரம் வாங்க முடியாம போச்சு. நானும் பொதுக்குழுவுக்கு முறையிடலாமா? 30 நாள் இன்னும் இருக்கு.

ஓய்வு எழுத்தர், தஞ்சை:

ஐயா, உங்களது கூட்டுறவுச் சங்கம். அதுக்கு 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், வேற துறை, வேற பதிவாளர். இங்கே சொன்ன நாள் கணக்கு இவங்க கழகத்து விதி. அதை நம்பி உங்க காலக்கெடுவை விட்டுடாதீங்க. கூட்டுறவு வழக்குப் பார்க்கிற வக்கீல்கிட்ட இந்த வாரமே போங்க.

வெண்ணாற்றங்கரை:

சார் சொன்ன முக்கால் பங்குக் கணக்கில் நாங்களே விழுந்தோம். முதல் பொதுக்குழுவுக்கு 46 பேர் வந்தார்கள். ஆதரவு 33, எதிர்ப்பு 3. மீதி 10 பேர் கடைசி வரை கையைத் தூக்கவே இல்லை; அதில் பாதிப் பேர் டீக்குக் காத்திருந்தவர்கள். ஜெயித்துவிட்டோம் என்று லட்டுகூடக் கொடுத்தாயிற்று. 46-இல் முக்கால் 34.5, அதாவது 35 பேர் வேண்டும். இரண்டு கை குறைந்து தீர்மானம் தோற்றது. மறுபடி 21 நாள் நோட்டீஸ். இந்தத் தடவை திருத்தத்தின் முழு வாசகத்தையும் பழையது, புதியது என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். தேதியையும் மாற்றினோம். சம்பா அறுப்பு முடிந்து, மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் இருக்கிற இடைவெளியில்தான் எங்கள் ஊரில் ஆள் கிடைக்கும். 44 பேர் வந்தார்கள், ஆதரவு 38.

முருகு அண்ணன் கேட்ட சந்தா விஷயம்: எங்கள் ஆட்கள் 14 பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். மூன்று மாதத்தில் தானாகப் பெயர் போகும் என்றால் வருஷா வருஷம் போட்டிக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான் முதலில் போவார்கள். அதனால் ஒரு நினைவூட்டல், அதன்பின் 30 நாள், அதற்குப் பிறகுதான் பெயர் விடுபடும். பாக்கியைக் கட்டினால் ஆறு மாதம் வரை புதிய விண்ணப்பம் இல்லாமலே திரும்பச் சேரலாம். இது தண்டனை இல்லை என்பதால் காரணம் கேட்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் தாங்களே எழுதிக் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணில் நினைவூட்டல் போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீக்கக் கடிதத்துக்கு அது போதாது, ஒப்புகை வரும்படி தபாலில்தான் போக வேண்டும்.

பட்டுக்கோட்டை வாலிபால்:

ஒண்ணு கேட்கிறேன். ‘என்ன செய்தார், எந்த நாளில்’னு கடிதத்தில் இருக்கணும்னு எழுதியிருக்கீங்க. எங்க கழகத்தில் 15 வயசுப் பொண்ணு ஒருத்தி பயிற்சியாளர் பத்திப் புகார் சொன்னா. கடிதத்தில் அதை நாள், இடத்தோட எழுதினா பேர் போடாமலேயே அவ யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். எழுதாம விட்டா, ‘எதுக்குப் பதில் சொல்றதுன்னே தெரியலை’ன்னு அவர் சொல்வார், அதுவும் நியாயம்தான். கடைசியில் அந்தப் பொண்ணு விளையாடறதையே நிறுத்திட்டா. அவர் இன்னும் இருக்கார்.

ஓய்வு எழுத்தர், தஞ்சை:

அம்மா, 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, புகார் பாலியல் சம்பந்தப்பட்டதுன்னா அது சங்கக் குழு உட்கார்ந்து தீர்க்கிற விஷயமே இல்லை. 2012 போக்சோ சட்டம், தெரிஞ்சவங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். 1098-க்கும் பேசலாம். கழக விசாரணை முடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

பட்டுக்கோட்டை வாலிபால்:

அந்த மாதிரி இல்லை சார். எல்லார் முன்னாலயும் கேவலமாத் திட்டுறது, தோத்தா சாப்பாடு கொடுக்காம நிறுத்துறது.

குடந்தை முருகு:

அது திட்டுற பயிற்சியாளர். எல்லா இடத்துலயும் உண்டு.

பட்டுக்கோட்டை வாலிபால்:

உண்டுன்னா சரியாயிடுமா அண்ணே?

வெண்ணாற்றங்கரை:

எங்கள் விதியில் இதற்கு வழி இல்லை அக்கா, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் எழுதும்போது மனசில் இருந்தது அந்த ரைடர்தான், பிள்ளைகள் இல்லை. பேரை மறைத்துச் சம்பவத்தை மட்டும் எழுதலாம் என்று ஒருத்தர் சொன்னார், நீங்கள் சொன்ன காரணத்தால் அது பாதி இடத்தில் உதவாது. சிறார் புகாரை மட்டும் வெளியூர் ஆள் ஒருவர் தனியாகக் கேட்டு, அந்த ஆளே குழுவிடம் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர் அவரிடம் கேள்வி கேட்க முடியுமா என்பதில் நிற்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் வாசகத்தைப் போடுங்கள்.

அந்த ரைடர் என்ன ஆனார் என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது பொதுக்குழுவுக்கு வந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு பேரில் அவரும் ஒருவர். முறையீட்டுக்கு 30 நாள் பத்தாது, 60 வேண்டும் என்றார். போட்டி வரவுசெலவை மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை கணக்கைக் கையிலேயே கொடுத்தோம்.