சுவர்த்தாள் டிசைனில் சாய்வாகத் தெரியும் வெற்றுப் பாதை: எப்படி உடைப்பது?

வணக்கம். சுவர்த்தாளுக்காகப் பூவும் இலையுமாக ஒரு டிசைன் வரைந்திருக்கிறேன். ஒரு கட்டம் 3000-க்கு 3000 பிக்சல். பக்கத்து நெடுவரிசை 1500 பிக்சல் கீழிறங்கி அமையும் ஹாஃப் டிராப் முறை.

இணைப்பில் குறை தெரியவில்லை. விளிம்புகளை நடுவுக்கு நகர்த்தி 100 சதவீத அளவில் பார்த்துவிட்டேன். தண்டுகள் உடையாமல் தொடர்கின்றன.

பல கட்டங்களை அடுக்கித் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் சிக்கல். பெரிய பூவுக்கும் அதன் வலப்பக்க இலைக்கொத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒற்றைக் கட்டத்தில் உறுத்தவில்லை. ஆனால் அது பாதி பாதியாக இறங்கித் திரும்பத் திரும்ப வருவதால், சுவர் முழுக்கச் சாய்வான வெள்ளைப் பாதையாகச் சேர்ந்துவிடுகிறது. அடர்பச்சை இலைகளும் அதே திசையில் சாய்ந்திருப்பதால் கண் பூவில் நிற்காமல் அந்தப் பாதையிலேயே வழுக்கிப் போகிறது.

சிறு மொட்டுகளால் நிரப்பிப் பார்த்தேன். பாதை புள்ளி வரிசையாக மாறியதே தவிர மறையவில்லை. இலைக்கொத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு தண்டை இடைவெளிக்குக் குறுக்கே ஓடவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் பூக்களின் தாளம் கெடுமா? அல்லது பூவையே நகர்த்துவது நல்லதா?

4-க்கு 4 அடுக்கிய படத்தை இணைத்திருக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முதலில் எது கண்ணில் படுகிறது என்று சொல்லுங்கள்.