புதுப்பிப்பு: முன்வைப்புத் தொகை ஒருவழியாக வந்தது

"டெண்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. டெண்டரோடு கட்டிய இ.எம்.டி., அதாவது முன்வைப்புத் தொகை, 2 மாதமாகியும் திரும்பி வரவில்லை, எப்படிக் கேட்பது?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

கடிதம் கொடுத்தாலே போதும் என்றவர் பாதி சரி. முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் சொன்னபடி, டெண்டர் நிபந்தனையை அப்படியே எடுத்தெழுதினேன்: "தேர்வாகாதோரின் முன்வைப்புத் தொகை, ஒப்பந்தம் வழங்கிய 30 நாட்களுக்குள் வட்டியின்றித் திருப்பித் தரப்படும்." கூடவே ஒப்பந்தம் வழங்கிய தேதி, ரசீது எண், ரத்து செய்த காசோலை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நான் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு. அனுப்பிய பணம் வங்கியிலிருந்தே திரும்பிவிட்டதாம். யாரும் சொல்லவில்லை! திருத்திக் கொடுத்த 6-ஆம் நாள் வந்துவிட்டது.

செக்யூரிட்டி டெபாசிட் பற்றிக் கேட்டவருக்கு: அது வேலை கிடைத்தவர் கட்டுவது, சார். 30 நாள் தாண்டியதற்கு வட்டி கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.