புதுப்பிப்பு: காட்பாடி வீட்டு வாஷிங் மெஷின் ஷாக்

"மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது, ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகுமா?"

ஆகாது என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். பாடிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டர் 110 வோல்ட் காட்டியது. சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் வயர் அறுந்திருந்தது; மெஷினுக்குள் இருக்கும் மின் ஃபில்டரில் கசிகிற கரண்ட், வெளியேற வழியில்லாமல் பாடியிலேயே நிற்கிறதாம். மாமா எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வேலூர் வெயிலில் குழி காய்வது உண்மைதான், ஆனால் வயரே இல்லையே!

வயரைச் சேர்த்ததும் சுரீர் போச்சு. அப்புறம்தான் கூத்து: வெந்நீர் வாஷில் மட்டும், கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது. ஹீட்டரில் கசிவு இருந்திருக்கிறது, எர்த் இல்லாததால் இத்தனை நாள் டிரிப் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் ஃபிரிட்ஜும் டிரிப் ஆவதாகச் சொல்லி, ஆர்சிசிபியையே கழற்றிவிட்டாராம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஹீட்டர் மாற்றும்வரை பச்சைத் தண்ணீர் வாஷ்தான். சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்குவது தனிக்கதை. ஸ்டெபிலைசர் அதற்கு வேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை.