புதுப்பிப்பு: செங்கோட்டையிலிருந்து மூன்று மாத வேலை

முன்பு இங்கே நான் கேட்ட கேள்வி: “அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் செங்கோட்டையிலிருந்து வேலை செய்ய, திருவனந்தபுரம் அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது?”

அனுமதி கிடைத்தது, முதலில் நான்கு வாரத்துக்கு மட்டும். மனிதவளத் துறையில் இருந்த அக்கா இங்கே பதிலில் சொன்னபடி, வீட்டு நிலைமையை ஒரே வரியில் முடித்து, ஓண விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது சென்னை வாடிக்கையாளர்களின் புகார்களை நான் கவனிப்பேன் என்பதை முன்னால் வைத்தேன்; மேலாளர் அந்த வரியைத்தான் அடிக்கோடிட்டிருந்தார்.

இணைய வேகம் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னது பாதிதான் சரி. சாரல் காலத்தில் மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும் என்பதால், அதற்குத் தனி யுபிஎஸ் வாங்கி, ஒரு சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் தாங்கியது. அதையும் விண்ணப்பத்தில் எழுதினேன்.

முதல் பதிலுக்கு ஆகும் நேரத்தையும் தேங்கிய புகார்களையும், அலுவலகத்தில் இருந்த கடைசி நான்கு வாரக் கணக்கோடு வெள்ளிதோறும் ஒப்பிடுவோம்; தொடர்ந்து இரண்டு வாரம் மோசமானால் நானே திரும்பிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறேன். பயணப்படி பற்றிக் கேட்ட புளியரை அண்ணனுக்கு: நான் அதைக் கேட்கவே இல்லை. தீபாவளிக்கு எந்த மாநில விடுமுறைப் பட்டியல் எனக்குப் பொருந்தும் என்பது இன்னும் முடிவாகவில்லை.