வந்தே பாரத்தில் எக்ஸிகியூட்டிவா, சேர் காரா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை மருமகள்
போன மாதம் அம்மாவைச் சென்னையிலிருந்து கோவைக்கு அழைத்து வந்தேன். சேர் காரில்தான் போட்டிருந்தேன். எங்கள் இரண்டு இருக்கையும் ரயில் போகிற திசைக்கு முதுகு காட்டி இருந்தன. சேலம் வருவதற்குள் அம்மாவுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. சன்னலில் கம்பங்கள் முதுகுப் பக்கமிருந்து பாய்ந்து வந்து தூரத்தில் சுருங்கிப் போவதைப் பார்த்தவர், கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரோடு வரை விடவே இல்லை. அவரைக் கொஞ்சம் நடக்க வைக்கலாம் என்று எக்ஸிகியூட்டிவ் பெட்டிப் பக்கம் கூட்டிப் போனால், அங்கே ஒரு பையன் காலால் எதையோ மிதித்து, இரட்டை இருக்கையை அப்படியே திருப்புகிறான்! அடுத்த மாதம் திரும்பிப் போக வேண்டும். கூடுதல் காசுக்கு வேறென்ன கிடைக்கும்?

தண்டவாளம்72
இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் இந்த ரயிலைத் திருப்பிப் போடுவதில்லை. சேர் கார் இருக்கைகள் திரும்பாதவை. பெட்டியில் பாதி வரிசைகள் ஒரு பக்கம் பார்க்கும், மீதி எதிர்ப்பக்கம் பார்க்கும், நடுவில் மேசையோடு இரண்டும் சந்திக்கும். அதனால் யாராவது பாதிப் பேர் பின்னோக்கித்தான் போக வேண்டும். எக்ஸிகியூட்டிவில் இருக்கை 180 டிகிரி திரும்பும்.

கட்டணத்துக்கு வருகிறேன். இந்த ரயில் 2023-ல் தொடங்கியபோது சென்னை – கோவை சேர் கார் 1,365 ரூபாய், எக்ஸிகியூட்டிவ் 2,485 ரூபாய். அதில் சாப்பாட்டுக்கு மட்டும் 308, 369. சாப்பாட்டைக் கழித்தால் 1,057, 2,116, அதாவது இரண்டு மடங்கு. இப்போது கட்டணம் மாறியிருக்கும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். தட்டில் வித்தியாசம் 61 ரூபாய்தான். மற்றதெல்லாம் இடத்துக்கும் இருக்கைக்கும். அங்கே வரிசைக்கு 2+2, இங்கே 3+2.

பயணி பாலா
சாப்பாடு வேறு, இருக்கை வேறு, சரி. ஆனால் எக்ஸிகியூட்டிவ் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷனில் இருக்கும் ஏசி லவுஞ்சும் இலவசம். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தண்டவாளம்72
இல்லை பாலா. லவுஞ்சுக்குத் தனிக் கட்டணம், டிக்கெட்டோடு வருவதில்லை. அதை நம்பி இரட்டைக் காசு கொடுத்துவிடப் போகிறார்கள்.

மதுரை மல்லி
நான் மதுரை தேஜஸில் எக்ஸிகியூட்டிவில்தான் போவேன். அதில் இருக்கை திரும்பாதே? எனக்குக் கால் வைக்க வசதி, அதற்காகவே போடுவேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு நன்றாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு வலி உண்டா?

கோவை மருமகள்
வலி இல்லை அக்கா, தலைசுற்றல்தான். நான் கேட்பது வந்தே பாரத்தைப் பற்றி.

ஸ்ரீரங்கத்து மாமா
அம்மா, ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். டிக்கெட் போடும்போதே உணவு வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று போட்டால் அந்தத் தொகை கழிந்துவிடும். ஆனால் ஏறிய பிறகு பசித்துச் சாப்பாடு கேட்டால், விலையோடு கூடுதலாக 50 ரூபாய் வாங்குவார்கள். குமட்டல் வருகிறவர்களுக்குக் குழம்புச் சாதம் ஆகாது. வீட்டிலிருந்தே இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் குறைவாக. எலுமிச்சம்பழம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். புறப்படும் முன் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிறும் கூடாது. என் வீட்டம்மாவை இப்படித்தான் அழைத்துப் போகிறேன், சேர் காரில்.

திருப்பூர்க்காரன்
மாமா, அவங்க கேட்டது இருக்கை. நான் எக்ஸிகியூட்டிவில் போனபோது பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வரிசை மட்டும் பின்னோக்கி நின்றது. மிதிக்கட்டையை அழுத்தினேன், அசையவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தாரே தவிர, அவர் முதுகுச் சாய்மானம் சாய்ந்தபடியே இருந்தது. இரண்டு இருக்கையும் ஒன்றாகத்தான் சுற்றும். சாய்மானம் நிமிர்ந்து, தட்டு மடங்கி இருக்க வேண்டும். நிமிர்த்தியதும் ஒரே தள்ளில் சுற்றி 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் வராமல் உட்காராதீர்கள்.

பயணி பாலா
சேர் காரிலேயே முன்னோக்கி வாங்க வழி உண்டு. சின்ன எண்கள் எல்லாம் முன்னோக்கி இருக்கும்.

தண்டவாளம்72
போகும்போது முன்னோக்கி இருந்த எண், வரும்போது பின்னோக்கி ஆகிவிடும், அதே ரயில் எதிர்ப்பக்கம் ஓடுவதால். சன்னல் வேண்டும் என்று கேட்கலாம், திசை கேட்க முடியாது.

திருப்பூர்க்காரன்
நான் மூன்று முறை சின்ன எண்ணில் முன்னோக்கித்தான் போனேன், அதுவும் உண்மை.

கோவை மருமகள்
அப்படியானால் இரண்டு எக்ஸிகியூட்டிவ் போடுகிறேன். எனக்கு மட்டும் சேர் கார் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மணிக்கட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமே. கோவையில் அம்மாவை உட்கார வைக்கும் முன்பே சாய்மானத்தை நிமிர்த்திப் பார்த்துவிடுகிறேன்.