ஆறு மாத ரோட்மேப்பை ஒரே ஸ்லைடில் அடக்கிய அனுபவம்

வரைகோல்:
பில்லிங் மென்பொருள் மாற்றம் ஒன்றுக்கு ரோட்மேப் கேட்டார்கள். ஒரே ஸ்லைடு, மைல்ஸ்டோன் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும். நான் முதலில் போட்டது அளவுக் கணக்குதான். பவர்பாயின்ட்டின் அகல ஸ்லைடு 33.87 செ.மீ. ஆறு மாதம் என்றால் 26 வாரம், வாரத்துக்கு 1 செ.மீ. இடப்பக்கம் குழுப் பெயர்களுக்கு 5 செ.மீ., இரு ஓரமும் 1.4 செ.மீ. விட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அப்போது காலக்கோடு 6.4 செ.மீ.யில் தொடங்கும். 11ஆம் வாரக் கடைசியில் 'டேட்டா மாற்றம் முடிவு'. அதைக் குறிக்கும் டைமண்டின் நடுப்புள்ளி 17.4-இல் விழ வேண்டும். டைமண்டின் அகலம் 0.6, பவர்பாயின்ட் கேட்பதோ இடது விளிம்பை. அதனால் `Horizontal position` பெட்டியில் 17.1 என்று அடித்தேன்.

திட்டப் பட்டியலில் இருந்த வேலைகள் எல்லாம் ஸ்லைடுக்கு வரவில்லை. எது முடிந்தால் இன்னொரு குழு வேலையைத் தொடங்க முடியுமோ, அது மட்டும்தான் மைல்ஸ்டோன். அப்படிப் பார்த்ததில் ஒன்பது தேறியது.

புதுவரவு:
இவ்வளவு கணக்கு எதற்கு? ஸ்மார்ட்ஆர்ட்டில் டைம்லைன் இருக்கிறதே, பட்டியலை அடித்தால் தானாக வந்துவிடும். கோணலாக இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Distribute Horizontally` கொடுங்கள்.

வரைகோல்:
நாலைந்து கட்டங்களைச் சும்மா வரிசையாகக் காட்ட ஸ்மார்ட்ஆர்ட் போதும். ஆனால் அது இடைவெளியைச் சமமாகத்தான் போடும். இரண்டு வார இடைவெளியும் எட்டு வார இடைவெளியும் ஒரே நீளத்தில் தெரிந்தால், நெருக்கடி எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியாது. `Distribute Horizontally`-யும் அதே வேலையைத்தான் செய்யும். ஒரே வரிசையில் நிறுத்த `Align Middle` மட்டும் கொடுங்கள், அது தேதியைத் தொடாது.

பழையபுலி:
எங்கள் இடத்தில் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் கான்ட் சார்ட்டை அப்படியே படமாக எடுத்து ஒட்டுவோம். எழுத்து தெரியாது என்று ஏ3 தாளில் பிரின்ட்டும் கொடுத்துவிடுவோம். யாரும் குறை சொன்னதில்லை.

மேல்மாடி:
யாரும் படிக்கவில்லை என்றால் குறையும் வராது ஐயா!

பொறுப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். குழுத்தலைவர் பெயரை அந்தந்தக் குழுவின் பட்டையில் இடப்பக்கம் ஒரே தடவை எழுதிவிடுங்கள். அந்தப் பட்டையில் வேறொருவர் பொறுப்பில் இருக்கும் மைல்ஸ்டோனுக்கு மட்டும் டைமண்ட் பக்கத்தில் பெயர் போட்டால் போதும், பாதி எழுத்து குறையும். "டெஸ்டிங் டீம்" என்றோ இரண்டு பெயராகவோ போட்டால், தேதி தள்ளிப்போகும்போது யாரைக் கேட்பது?

வரைகோல் சார், கடைசி வாரங்களில் குறிகள் குவிந்திருக்குமே, என்ன செய்தீர்கள்?

வரைகோல்:
23 முதல் 25 வரை நாலு. லேபிள்களைக் கோட்டுக்கு மேலும் கீழுமாக மாற்றி வைத்து மெல்லிய கோட்டால் இணைத்தேன். 12 பாயின்ட்டில் மூன்றுதான் இடித்துக்கொள்ளாமல் நின்றன. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை. பயிற்சி முடிவும் நேரலை அனுமதியும் ஒரே பொறுப்பாளருடையவை என்பதால் ஒரே டைமண்ட் ஆக்கிவிட்டேன்.

மேல்மாடி:
அதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி முடிந்தும் அனுமதி வராமல் நிற்பது சகஜம். அப்போது அந்த டைமண்டுக்குப் பச்சை போடுவீர்களா, சிவப்பா?